ஆயிரம் பார்வைக்கு 80, கிளிக்குக்கு 8, ஆர்டருக்கு 250: எது மலிவு?

நெகமத்தில் கைத்தறிப் பருத்திப் புடவை விற்கும் அக்கா ஒருவருக்கு நான் விளம்பர வேலை பார்த்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நோட்டோடு வந்தார். அந்த மாத விளம்பரத்துக்கென்று 30,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தார். மூன்று வழிகள், மூன்று விலைகள் அவர் முன்னால் இருந்தன. ஒரு செய்தித் தளம் தன் பக்கங்களில் பேனர் போட ஆயிரம் பார்வைக்கு 80 ரூபாய் கேட்டது. கூகுள் தேடலில் போட்டால் ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய் அளவில் ஆகும் என்று நான் சொல்லியிருந்தேன். கூப்பன் தளம் நடத்தும் ஒருவர், ஆர்டர் வந்தால் மட்டும் 250 ரூபாய் கொடுங்கள், வராவிட்டால் ஒரு பைசா வேண்டாம் என்றிருந்தார்.

"தம்பி, இதுல எது மலிவு?" என்று கேட்டார்.

80, 8, 250 என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஒன்று கிலோ விலை, ஒன்று மூட்டை விலை, ஒன்று சமைத்துப் பரிமாறிய சாப்பாட்டு விலை மாதிரி. மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அன்று அவர் நோட்டில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எளிதாக இருக்கட்டும் என்று எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

யார் தலையில் எவ்வளவு

விளம்பரம் ஒன்று விற்பனையாக மாறுவதற்கு மூன்று படிகள் தாண்ட வேண்டும். முதலில் அது ஒருவர் திரையில் தோன்ற வேண்டும். அப்புறம் அவர் அதைத் தொட வேண்டும். அப்புறம் கடைப் பக்கத்துக்கு வந்து வாங்க வேண்டும். ஆயிரம் பார்வைக் கட்டணம், அதாவது சிபிஎம், முதல் படியில் பணம் கேட்கிறது. கிளிக் கட்டணமான சிபிசி இரண்டாம் படியில் கேட்கிறது. சிபிஏ என்பது ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆகும் செலவு. அது மூன்றாம் படியில் கேட்கிறது.

இந்த மூன்றும் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் வந்தபோது, அது பத்திரிகையில் இடம் வாங்குவது போலத்தான் விற்கப்பட்டது. எத்தனை பேர் கண்ணில் படும் என்பதே பேச்சு. 1996இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் யாகூவிடம் போய், கிளிக் செய்தால்தான் பணம் தருவோம் என்று பேரம் பேசியது. அதே ஆண்டு அமேசான், தன் பொருளை விற்றுத் தரும் தளங்களுக்குக் கமிஷன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்வேர்ட்ஸ் 2000இல் தொடங்கியபோது ஆயிரம் பார்வைக்குத்தான் கட்டணம். 2002இல்தான் அது கிளிக் ஏலத்துக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் நடந்தது ஒன்றுதான். விளம்பரம் பலிக்காமல் போனால் நட்டம் யாருக்கு என்ற பொறுப்பு, பணம் கொடுப்பவரிடமிருந்து இடம் விற்பவர் பக்கம் ஒரு படி நகர்ந்தது.

ஆயிரம் பார்வைக்குப் பணம் கொடுத்தால் விளம்பரம் மொக்கையாக இருந்தாலும் நட்டம் உங்களுக்கு, கடைப் பக்கம் சொதப்பினாலும் நட்டம் உங்களுக்கு. கிளிக்குக்குக் கொடுத்தால், விளம்பரம் ஈர்க்கவில்லை என்ற நட்டத்தை இடம் விற்பவர் ஏற்கிறார். கடை ஈர்க்கவில்லை என்றால் அது உங்களுடையது. ஆர்டருக்குக் கொடுத்தால் இரண்டும் அவருடையது. பொறுப்பை ஏற்றுக்கொள்கிறவர் அதற்கான விலையையும் சேர்த்துத்தான் கேட்பார். 250 ரூபாய் பெரிதாகவும் 8 ரூபாய் சிறிதாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

மூன்றையும் இணைக்கும் கணக்கு சின்னது. இதில் `CTR` என்பது காட்டியதில் எத்தனை பங்கு கிளிக் ஆனது, `CVR` என்பது கிளிக்கில் எத்தனை பங்கு ஆர்டர் ஆனது.

```
CPC = CPM / (1000 × CTR)
CPA = CPC / CVR
```

செய்தித் தளத்தின் பேனரை இதில் போட்டுப் பார்த்தோம். 30,000 ரூபாய்க்கு 3,75,000 பார்வை வரும். இருநூறில் ஒருவர் தொடுவார் என்று தளத்துக்காரரே சொன்னார். அப்படியானால் 1,875 கிளிக். ஒரு கிளிக் 16 ரூபாய் ஆகிவிட்டது. செய்தி படிக்க வந்தவர், புடவை வாங்க வந்தவர் அல்ல. அதனால் நூறு பேர் வந்தால் ஒருவர் வாங்குவார் என்று வைத்துக்கொண்டோம். 19 ஆர்டர்கூட முழுதாக வரவில்லை. ஓர் ஆர்டருக்கு 1,600 ரூபாய். புடவையின் விலையே வரி போக 1,600 ரூபாய்தான்.

தேடலில் நிலைமை வேறு. கைத்தறிப் புடவை வேண்டும் என்று தானாகவே தட்டச்சு செய்து தேடுகிறவர் வருகிறார். முந்தைய மாதங்களில் இப்படி வந்த நூறு பேரில் இரண்டு, மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். இரண்டரை சதவீதம் என்று வைத்தால் 8 ரூபாய் கிளிக் 320 ரூபாய் ஆர்டராகிறது. 30,000 ரூபாய்க்குச் சுமார் 94 ஆர்டர். கூப்பன்காரரிடம் அதே பணத்துக்கு 120 ஆர்டர்.

அக்கா பேனாவை மூடிவிட்டார். கூப்பன்தான் மலிவு என்று முடிவே செய்துவிட்டார். சரி, கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆர்டர் என்பது விற்பனை அல்ல

நம் ஊரில் ஆன்லைனில் புடவை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பொருள் கைக்கு வந்த பிறகே பணம் கொடுக்கிறார்கள். கூரியர் பையன் வாசலில் நிற்கும்போது ஆள் வீட்டில் இருக்க மாட்டார், போனை எடுக்க மாட்டார், அல்லது மனம் மாறியிருக்கும். பெட்டி திரும்பி வரும். கூரியர்காரர்கள் இதை ஆர்டிஓ என்பார்கள். போன செலவும் வந்த செலவும் விற்பவர் கணக்கில். பாலித்தீன் உறையும் அட்டைப் பெட்டியும் வீண். அக்காவுக்கு ஒரு பெட்டி திரும்பினால் 180 ரூபாய் போகும்.

இங்கே சிபிஏ என்ற சொல்லை உற்றுப் பார்க்க வேண்டும். அதன் கடைசி எழுத்தான ஏ, அதாவது ஒரு வாடிக்கையாளரைப் பெறுவது, எதைக் குறிக்கிறது என்பது பேசி முடிவு செய்யும் விஷயம். படிவம் நிரப்பினாலே ஒன்று என்று எண்ணுபவர் இருக்கிறார். ஆர்டர் பதிவானால் ஒன்று என்பவர் இருக்கிறார். பொருள் போய்ச் சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டினால்தான் ஒன்று என்பவரும் இருக்கிறார். மூவருமே சிபிஏ என்றுதான் சொல்வார்கள்.

முதலில் அக்காவின் லாபத்தைப் போட்டோம். 1,600 ரூபாயில் நெசவாளருக்குக் கொடுப்பது 950. கூரியரும் பெட்டியும் 110. பணம் வசூலிக்கும் கட்டணம் 40. கையில் நிற்பது 500. ஒரு புடவை வீடு போய்ச் சேர விளம்பரத்துக்கும் திரும்பி வருவதற்கும் சேர்த்து 500 ரூபாய்க்கு மேல் போனால் நட்டம். இந்த 500தான் மற்ற எல்லா எண்ணையும் அளக்கும் படி.

கூப்பன் தளம் வழியாக முன்பு ஒரு முறை அவர் விற்றிருந்தார். அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்ததில் நூறில் நாற்பது திரும்பியிருந்தது. கூப்பன் கிடைத்ததே என்று அவசரத்தில் போட்ட ஆர்டர்கள் அவை. 120 ஆர்டரில் 48 திரும்பினால் 72 புடவைதான் விற்பனை. விளம்பரச் செலவு 30,000, திரும்பிய செலவு 8,640. இரண்டையும் 72ஆல் வகுத்தால் ஒரு புடவைக்கு 537 ரூபாய். ஒவ்வொரு புடவைக்கும் 37 ரூபாய் கையிலிருந்து போகிறது.

தேடல் வழியாக வந்தவர்களிடம் திரும்பி வருவது குறைவு, நூறில் பதினைந்து. 94 ஆர்டரில் 14 திரும்பி 80 நிற்கும். செலவு 30,000, திரும்பியதற்கு 2,520. ஒரு புடவைக்கு 406 ரூபாய் ஆகிறது. 94 ரூபாய் லாபம் நிற்கிறது. ஆர்டருக்கு 320 என்று விலை அதிகமாகத் தெரிந்த வழி லாபம் தருகிறது. 250 என்று குறைவாகத் தெரிந்த வழி நட்டம் தருகிறது.

அதற்காகக் கூப்பன்காரரை அனுப்பிவிடச் சொல்லவில்லை. அவரோடு ஒப்பந்தத்தை மாற்றிப் பேசச் சொன்னேன். ஆர்டருக்கு 250 வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்த புடவைக்கு 350 தருகிறோம். கேட்கும்போது நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது போல இருக்கும். அதே நாற்பது சதவீதம் திரும்பினாலும், சேர்ந்த ஒவ்வொரு புடவைக்கும் திரும்பிய செலவு 120 ரூபாய். 350 சேர்த்தால் 470. நட்டத்திலிருந்து 30 ரூபாய் லாபத்துக்கு வந்துவிட்டோம். அதைவிட முக்கியமான மாற்றம் அவர் பக்கம் நடக்கும். திரும்பினால் தனக்கும் பணம் இல்லை என்று ஆனதும், யாருக்கு எந்தக் கூப்பனைக் காட்டுவது என்று அவரே பார்த்துப் பார்த்துச் செய்வார். திரும்புவது 25 சதவீதமாகக் குறைந்தால் அந்த 120 ரூபாய் 60 ஆகும், மொத்தம் 410.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் சேர்த்தோம்: புது வாடிக்கையாளருக்கு மட்டும். ஆர்டருக்குக் காசு வாங்குகிறவர், வாங்கப் போகிறவர் வரிசையின் கடைசியில் வந்து நிற்பதுதான் அவருக்கு எளிது. அக்காவிடம் ஐந்து வருடமாகப் புடவை வாங்கும் ஒருவர், பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் கட்டத்தைப் பார்த்துவிட்டு, கடையின் பெயரோடு கூப்பன் என்று தேடுவார். கூப்பன் தளம் வரும். அவர் அதைத் தொட்டுவிட்டு வந்து வாங்குவார். அந்த ஆர்டர் கூப்பன் தளத்தின் கணக்கில் போய் விழும். அவர் எப்படியும் வாங்கியிருப்பார். இதைப் பிடிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. மாதக் கடைசியில் அவர் அனுப்பும் ஆர்டர் பட்டியலில் உள்ள போன் நம்பர்களை, பழைய வாடிக்கையாளர் நம்பர்களோடு ஒத்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் தேடலில் போட்டுவிடலாமா

முடியாது. கைத்தறிப் புடவை வேண்டும் என்று ஒரு மாதத்தில் தேடுகிறவர்கள் இத்தனை பேர்தான். அந்த எண்ணிக்கையை நீங்கள் பணம் கொடுத்துப் பெருக்க முடியாது. அக்காவின் கணக்கில் 12,000 ரூபாய்க்கு மேல் நல்ல தேடல் சொற்கள் இல்லை. அதற்கு மேல் செலவழித்தால் கூகுள் எப்படியாவது கிளிக் கொண்டுவரும். ஆனால் வருகிறவர் ஒரு கைத்தறிப் புடவைப் படத்தைத் தேடிய கல்லூரி மாணவராக இருப்பார், புடவை கட்டுவது எப்படி என்று தேடியவராக இருப்பார். கிளிக் விலை அதே 8 ரூபாயில் நிற்கும். வாங்கும் விகிதம் சரியும். கிளிக் கட்டணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

மலிவான கிளிக் ஏமாற்றும் இடம் இன்னும் ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கணக்கில் `CPC (all)` என்று ஒரு பத்தி இருக்கும். `CPC (cost per link click)` என்று இன்னொன்று. முதலாவதில் லைக் போட்டது, மேலும் படிக்கத் தொட்டது, பக்கத்தின் பெயரைத் தொட்டது எல்லாம் கிளிக்காக எண்ணப்படும். கடைப் பக்கத்துக்குப் போகத் தொட்டது மட்டுமே இரண்டாவதில் வரும். தொட்டவர்களிலும் சிலர் பக்கம் திறக்கும்முன் போய்விடுவார்கள். நூறு கிளிக்கில் அறுபது பேருக்குத்தான் பக்கம் திறந்தது என்றால், 8 ரூபாய் கிளிக்கின் உண்மையான விலை 13 ரூபாய்க்கு மேல். `Landing page views` என்ற எண்ணை இணைப்புக் கிளிக் எண்ணோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். இடைவெளி பெரிதாக இருந்தால் விளம்பரத்தை மாற்ற வேண்டாம். ஐந்து மெகாபைட் புடவைப் படங்களைச் சுருக்க வேண்டும்.

தேடாதவரிடம் போக வேண்டுமென்றால் காட்டித்தான் ஆக வேண்டும். இங்கேதான் ஆயிரம் பார்வைக் கட்டணம் மறுபடி உள்ளே வருகிறது. செய்தித் தளத்தின் பேனரில் அது தோற்றதற்குக் காரணம் 80 ரூபாய் என்ற விலை அல்ல, இருநூறில் ஒருவர்தான் தொடுவார் என்பது. அக்காவிடம் தறியில் கரை ஏறுவதைக் காட்டும் முப்பது நொடி வீடியோ ஒன்று இருந்தது. குழித்தறி, நாடா ஓடும் சத்தம், நெசவாளரின் கை, வேறொன்றும் இல்லை. அதைச் சின்னத் தொகையில் இன்ஸ்டாகிராமில் ஓட்டிப் பார்த்தபோது நூறில் இரண்டு பேர் தொட்டார்கள். ஆயிரம் பார்வைக்கு அங்கேயும் ஏறக்குறைய 80 ரூபாய்தான். ஆனால் கிளிக் 4 ரூபாய்க்கு விழுந்தது. நூறு பேர் வந்தால் ஒன்றரைப் பேர் வாங்கினார்கள், அதாவது ஆர்டருக்கு 267 ரூபாய்.

ஆயிரம் பார்வைக்குப் பணம் கொடுப்பது யாருக்கு நல்லது என்பது இதிலிருந்து தெரியும். கையில் நல்ல விளம்பரம் இருக்கிறது, அது ஈர்க்கும் என்று சோதித்தும் பார்த்துவிட்டீர்கள் என்றால் பொறுப்பை நீங்களே ஏற்பது லாபம். தொடுகிறவர் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் கிளிக் விலை பாதியாகும், அந்தப் பாதி முழுக்க உங்களுக்கு. கூகுள் தேடலிலும் உள்ளே நடப்பது கிட்டத்தட்ட இதுதான். ஒருவர் கிளிக்குக்கு 12 ரூபாய் தருகிறார், அவர் விளம்பரத்தை நூறில் ஒருவர் தொடுகிறார். இன்னொருவர் 8 ரூபாய் தருகிறார், நூறில் மூன்று பேர் தொடுகிறார்கள். ஆயிரம் தடவை காட்டினால் முதலாமவரிடமிருந்து 120 ரூபாய் வரும், இரண்டாமவரிடமிருந்து 240. விளம்பரத்தின் தரம் போன்ற வேறு சிலவற்றையும் கூகுள் சேர்த்துப் பார்க்கும். ஆனாலும் 8 ரூபாய்க்காரர் மேலே வருவதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கிளிக்குக்குப் பணம் வாங்குகிறவரும் மனசுக்குள் ஆயிரம் பார்வைக் கணக்குத்தான் போடுகிறார்.

மெட்டாவில் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஆர்டர்தான் இலக்கு என்று தேர்ந்தெடுத்து விளம்பரம் ஓட்டுவார்கள். திரையில் `Cost per result` என்று ஒரு தொகை தெரியும். ஆர்டர் வந்தால்தான் பணம் போகிறது என்று நினைத்துவிடுவார்கள். பொதுவாகப் பணம் போவது காட்டிய தடவைக்குத்தான். ஆர்டர் போடக்கூடியவர்களாகப் பார்த்துக் காட்ட முயல்கிறோம் என்பது மட்டுமே அவர்கள் தரும் வாக்கு. ஆர்டரே வராத நாளிலும் அன்றைய ஆயிரம் ரூபாய் போய்விடும்.

பார்வை என்ற சொல்லையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பக்கத்தின் அடியில், யாரும் இறங்கிப் பார்க்காத இடத்தில் பேனர் ஏறினாலும் சிலர் அதைப் பார்வையாக எண்ணுவார்கள். விளம்பரத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு, பேனரின் பாதிப் பரப்பாவது ஒரு நொடி திரையில் தெரிந்திருக்க வேண்டும் என்பது. வீடியோவுக்கு இரண்டு நொடி. செய்தித் தளத்தாரிடம் நான் கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்று இது. மற்றது, அந்த 3,75,000 பார்வையும் எத்தனை ஆட்கள் என்பது. ஐம்பதாயிரம் ஆட்கள் என்றால் ஒருவருக்கு ஏழெட்டுத் தடவை காட்டப் போகிறார்கள். பொள்ளாச்சியில் புதுக் கடை திறக்கிறோம், பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றால் அது சரி. அங்கே கிளிக்கும் வேண்டாம், ஆர்டரும் வேண்டாம். எத்தனை புது ஆட்கள், ஓர் ஆளுக்கு எத்தனை தடவை, ஆயிரம் பார்வை என்ன விலை என்று மூன்றைப் பார்த்தால் போதும். அக்காவுக்குத் தேவை அது அல்ல.

ஒரு மாதம் காத்திருக்க முடியாதே

கடைசியில் நிற்கும் எண் 500 ரூபாய்க்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் தீர்ப்பு. ஆனால் அந்த எண் கைக்கு வர நாளாகும். இன்று காட்டிய விளம்பரத்துக்கு நாளை மறுநாள் ஆர்டர் வரும். ஐந்து நாளில் பெட்டி போகும். திரும்பி வருவதற்கு இன்னும் இரண்டு வாரம். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்க முடியாது. வாரத்துக்குப் பத்து ஆர்டர் எதிர்பார்க்கும் கடையில், எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு வாரம் ஏழும் மறு வாரம் பதின்மூன்றும் வரும். அந்த ஏழைப் பார்த்து விளம்பரத்தை மாற்றுவதும், பதின்மூன்றைப் பார்த்துச் செலவை இரட்டிப்பதும் நான் அடிக்கடி பார்க்கிற தவறுகள். மெட்டாவே, ஒரு விளம்பரத் தொகுப்பு வாரத்தில் ஐம்பது ஆர்டர் அளவுக்குப் பார்த்தால்தான் நிலைக்கு வரும் என்கிறது. 30,000 ரூபாய் மாதச் செலவில் அது எட்டாத எண்ணிக்கை.

ஆர்டர்கள் குறைவாக இருக்கும். ஆனால் கிளிக்குகள் நூற்றுக்கணக்கில், பார்வைகள் ஆயிரக்கணக்கில் அன்றைக்கே கிடைக்கும். அதனால் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி நடந்து, தினமும் பார்க்கக்கூடிய ஓர் எண்ணுக்கு வந்தோம். எனக்கு இந்த மூன்று கட்டணங்களும் சேர்ந்து உதவுவது இந்த இடத்தில்தான்.

வீடியோ வழியாக வரும் ஆர்டரில் நூறில் இருபத்தைந்து திரும்பும் என்று அக்காவின் பழைய பட்டியல் சொன்னது. அப்படியானால் சேர்ந்த ஒவ்வொரு புடவைக்கும் திரும்பிய செலவு 60 ரூபாய். 500இல் அது போக 440 நிற்கும். நான்கு ஆர்டரில் மூன்றுதான் சேர்கிறது என்பதால் ஓர் ஆர்டருக்குக் கொடுக்கக்கூடியது 330. நூறு பேரில் ஒன்றரைப் பேர் வாங்கினால் ஒரு கிளிக்குக்குக் கொடுக்கக்கூடியது ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நூறில் இரண்டு பேர் தொட்டால் ஆயிரம் பார்வைக்குக் கொடுக்கக்கூடியது 99 ரூபாய். அக்கா நோட்டில் 100 என்று எழுதி வட்டம் போட்டார்.

இப்போது தினமும் காலையில் மூன்று எண் பார்த்தால் போதும். ஆயிரம் பார்வைக் கட்டணம் மட்டும் ஏறுகிறது, தொடும் விகிதம் அப்படியே இருக்கிறது என்றால் விளம்பரத்தில் குறையில்லை. அந்தத் திரை இடத்துக்கு விளம்பரக்காரர்கள் கேட்கும் ஏலத்தில் கூட்டம் சேர்ந்திருக்கிறது. கட்டணம் அப்படியே இருந்து தொடுகிறவர் மட்டும் குறைந்தால், அதே ஆட்கள் அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஓர் ஆளுக்கு எத்தனை தடவை காட்டியது என்று சொல்லும் `Frequency` என்ற எண்ணும் சேர்ந்து ஏறியிருக்கும். புது வீடியோ எடுக்க வேண்டிய நேரம் அது. கிளிக் விலை அசையாமல் ஆர்டர் மட்டும் பல நாள் குறைந்தால், போனில் கடைப் பக்கத்தைத் திறந்து நாமே ஒரு புடவை வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு முறை இப்படிப் பார்த்தபோது, அதிகம் போகும் மாம்பழ மஞ்சள் நிறம் இருப்பு இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. வீடியோவில் நெசவாளர் நெய்வது அந்த நிறத்தைத்தான்.

விளம்பர பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி மேலே ஏறும். பதிவு செய்து முறையாக வரி கட்டும் கடைகள் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு 8 ரூபாய் கிளிக் 9 ரூபாய் 44 காசு, அதை வைத்துத்தான் பின்னோக்கி நடக்க வேண்டும்.

பணத்தை இப்படிப் பிரித்தோம். தேடலுக்கு 12,000, அது தாங்கும் அளவு அதுதான். வீடியோவுக்கு 12,000, நூறு ரூபாய் வட்டம் தாண்டாத வரை. மீதி 6,000 கூப்பன்காரருக்கு, வீடு சேர்ந்த புடவைக்கு 350 என்ற கணக்கில். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பேனருக்கு ஒன்றும் இல்லை.

முதல் பதினைந்து நாள் வீடியோவின் ஆயிரம் பார்வைக் கட்டணம் 78இலிருந்து 90க்குள் ஆடிக்கொண்டிருந்தது. தீபாவளி நெருங்க நெருங்கப் பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் அதே ஆட்களின் அதே திரைக்கு ஏலம் கேட்க வந்துவிட்டன. ஒரு வியாழக்கிழமை 104 ஆனது, வெள்ளிக்கிழமை 120. தொடும் விகிதம் இரண்டு சதவீதத்தில் அசையாமல் இருந்தது. 120 என்றால் கிளிக் 6 ரூபாய், ஆர்டர் 400. திரும்புவதையும் சேர்த்தால் ஒரு புடவைக்கு 593. ஆர்டர்கள் நன்றாகவே வந்துகொண்டிருந்தன, போன் விடாமல் அடித்தது. அந்த நேரத்தில் விளம்பரத்தை நிறுத்தச் சொல்வது எனக்கே சங்கடமாக இருந்தது. அக்கா நோட்டை எடுத்து வட்டத்தைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி, நிறுத்திருங்க" என்றார். தீபாவளிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. வீடியோவில் மீந்த 2,900 ரூபாயைத் தேடலில் போடவில்லை. அங்கேயும் நல்ல சொற்கள் தீர்ந்திருந்தன. பண்டிகை முடிந்து ஏலக் கூட்டம் கலைந்த பிறகு அதே வீடியோவுக்கென்று அதை ஒதுக்கி வைத்தோம். கூரியரிலிருந்து திரும்பிய பெட்டிகளின் பட்டியல் வந்த பிறகுதான் அந்த மாதத்துக் கணக்கை மூடினோம்.